ஐபிஎஸ் வயித்துக்கு ஹிப்னோதெரபி ஆடியோ: வீட்ல கேக்க ஆரம்பிக்கறவங்களோட கேள்விகளும் பதில்களும்

எனக்கு ஐபிஎஸ், அதாவது டெஸ்ட்ல எதுவும் தெரியாமலே வயித்து வலி, உப்புசம், பேதி இல்ல மலச்சிக்கல்னு படுத்தற இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அதுல கடைசி மூணு வருஷமா குடலுக்குன்னே தயாரிச்ச ஹிப்னோதெரபி ரெக்கார்டிங் கேட்டுட்டு வரேன். நான் டாக்டர் இல்ல. ஆனா இதுல நான் தப்பு பண்ணி ரெண்டு மாசத்த வீணாக்கினேன், அதே தப்ப நிறைய பேர் பண்றத பார்க்கறேன், அதனால என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கப்படற கேள்விகள ஒரே எடத்துல எழுதி வைக்கறேன்.

இதுவும் மத்த ரிலாக்சேஷன் ஆடியோ மாதிரிதானே?

ஆரம்பம் மட்டும் ஒண்ணு. கண்ண மூடு, மூச்ச மெதுவா விடு, நெத்தி, தாடை, தோள்னு ஒவ்வொண்ணா தளர விடுன்னு ரெண்டுலயும் சொல்லுவாங்க. ரிலாக்சேஷன் ஆடியோ அதோட முடிஞ்சிடும், உடம்பு லேசாகும், அவ்ளோதான். குடல் ஹிப்னோதெரபில அந்த தளர்வு வெறும் வாசப்படிதான். உள்ள போனதுக்கு அப்புறம் பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எண்ணி இன்னும் ஆழமா கூட்டிட்டு போவாங்க, மனசு ஒரே எடத்துல ஒட்டிக்கும், அப்போதான் வேலையே ஆரம்பிக்கும். "உள்ளங்கைய வயித்து மேல வைங்க, அந்த சூடு தோலத் தாண்டி உள்ள எறங்குது, குடல் அதோட வேகத்துல நிதானமா அசையுது, இனிமே அங்க நடக்கற சாதாரண அசைவு எதையும் நீங்க வலியா உணர வேண்டியதில்ல" அப்படின்னு வயித்தப் பத்தி மட்டுமே பத்து பதினஞ்சு நிமிஷம் பேசுவாங்க. இத சஜெஷன்னு சொல்றாங்க. தினமும் ஒரே மாதிரி கேட்டுக் கேட்டு குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடற பேச்சு கொஞ்சம் கொஞ்சமா மாறணும்ங்கறதுதான் நோக்கம்.

அதனால நீங்க எடுத்து வச்சிருக்கற ஆடியோல வயிறு, குடல்ங்கற வார்த்தையே வரலன்னா அது நல்ல தூக்கத்துக்கு உதவலாம், ஆனா நான் இங்க பேசற விஷயம் அது இல்ல.

அப்போ என் வலி எல்லாம் மனசுல இருக்குன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. இந்த கேள்விய கேக்கறவங்க பெரும்பாலும் ஏற்கனவே யார்கிட்டயோ "எல்லாம் டென்ஷன்தான், டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல" ன்னு கேட்டு நொந்து போனவங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஐபிஎஸ் இருக்கறவங்களோட மலக்குடல்ல ஒரு சின்ன பலூன வச்சு மெதுவா காத்து ஊதி, எந்த அளவுல வலிக்குதுன்னு பார்க்கற சோதனை ஒண்ணு இருக்கு. நம்மள்ல நிறைய பேருக்கு மத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாத அளவுலயே வலி வந்துடும். குடல்ல புண்ணு கிடையாது, ஆனா அங்க இருந்து வர நரம்பு சேதிகள் சத்தமா வருது, மூளையும் அத ஆபத்துன்னு எடுத்துக்குது. ரேடியோ சரியாத்தான் பாடுது, வால்யூம்தான் எகிறிக் கிடக்குன்னு நான் புரிஞ்சு வச்சிருக்கேன். மான்செஸ்டர்ல ஹிப்னோதெரபிக்கு முன்னாடியும் பின்னாடியும் இந்த பலூன் சோதனைய பண்ணிப் பார்த்தப்போ, ரொம்ப சென்சிட்டிவா இருந்த சிலருக்கு அந்த அளவு சாதாரண நிலைக்கு வந்திருக்கு. மனசு வழியா உள்ள போனாலும் மாறினது குடலோட உணர்வுதான்.

"வயித்துல புளிய கரைக்குது" ன்னு நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க. பயம் வந்தா வயிறு கலங்கும்னா, அதே பாதை வழியா வயித்த அமைதிப்படுத்தவும் முடியும், அந்தப் பாதை பொய் இல்லையே.

இதுக்கு ஆதாரம் இருக்கா, அதுவும் வீட்ல ரெக்கார்டிங் மட்டும் கேக்கறதுக்கு?

இருக்கு, ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். நேர்ல தெரபிஸ்ட் கிட்ட போறதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. 1984ல பீட்டர் வோர்வெல்ங்கற மான்செஸ்டர் டாக்டர், எந்த மருந்துக்கும் கேக்காத 30 பேர வச்சு பண்ண ஆய்வுலதான் இது ஆரம்பிச்சது. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா அந்த முதல் ஆய்வுலயே வீட்ல தினமும் கேக்க டேப் குடுத்திருக்காங்க, அதாவது ரெக்கார்டிங்ங்கறது பின்னாடி யாரோ விக்கறதுக்காக ஒட்ட வச்சது இல்ல, சிகிச்சையோட பாகமாவே பொறந்தது. அதுக்கப்புறம் அதே ஊர்ல 1000 பேருக்கு பண்ணினதோட முடிவு 2015ல வந்துச்சு, 76 சதவீதம் பேருக்கு குறிப்பிடற அளவு குறைஞ்சிருந்துச்சு. ஆனா அது ரொம்ப அனுபவம் உள்ள ஒரே யூனிட், சாதாரண சிகிச்சையோட ஒப்பிட்டுப் பார்த்ததும் இல்ல, அத மனசுல வச்சுக்கணும். நெதர்லாந்துல 2019ல வந்த பெரிய ஆய்வுல, தனியா தெரபி எடுத்தவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு மூணு மாசத்துல போதுமான நிம்மதி கிடைச்சிருக்கு, வெறும் விளக்க வகுப்பு மட்டும் கேட்டவங்கள்ல அது 17 சதவீதம்.

வெறும் ரெக்கார்டிங்னு வந்தா எண்ணிக்கை சின்னது. 2006ல ஒலாஃபர் பால்சன்ங்கறவர் 19 பேருக்கு வீட்ல கேக்கற மாதிரி ஆடியோ குடுத்து பார்த்தாரு, 53 சதவீதம் பேருக்கு பலன், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல 26 சதவீதம். அதே ஆய்வுல பதட்டம் அதிகமா இருந்தவங்களுக்கு பலன் கம்மியா இருந்துச்சுங்கறதயும் நான் மறைக்க விரும்பல. ரொம்ப பதட்டம் உள்ள ஆளா இருந்தா முடிஞ்ச வரைக்கும் நேர்ல ஒரு தெரபிஸ்ட தேடுங்க, ரெக்கார்டிங்க அதுக்கு துணையா வச்சுக்கோங்க.

நேரா ஆரம்பிச்சுடலாமா, இல்ல டாக்டரப் பார்த்துட்டுதான் ஆரம்பிக்கணுமா?

பார்த்துட்டுதான். இது ஐபிஎஸ்னு முடிவான வயித்துக்கான சிகிச்சை, "ஏதோ வயிறு சரியில்ல"ங்கறதுக்கு இல்ல. மோஷன்ல ரத்தம், காரணம் இல்லாம எடை குறையறது, ரத்த சோகை, காய்ச்சல், தூக்கத்துல இருந்து எழுப்பற வலி இல்ல பேதி, குடும்பத்துல குடல் கேன்சரோ குடல் அழற்சி நோயோ இருக்கறது, அம்பது வயசு பக்கத்துல புதுசா ஆரம்பிச்ச தொந்தரவு, இதுல ஒண்ணு இருந்தாலும் ஆடியோவ ஓரமா வச்சுட்டு போய் சோதிச்சுட்டு வாங்க. வலிய கவனிக்காம விடறதுக்கு உடம்ப பழக்கறோம் இல்லையா, கவனிக்க வேண்டிய வலிய அப்படி விட்டுட கூடாது.

மனசு சம்பந்தமாவும் ஒரு எல்லை இருக்கு. நெஜத்துக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் கலங்கற மாதிரி நோய் இருந்தவங்க, பழைய கொடுமையான சம்பவம் திடீர்னு கண்ணு முன்னாடி வந்து நிக்கறவங்க, கடுமையான மன அழுத்தத்துல இருக்கறவங்க, வலிப்பு உள்ளவங்க, இவங்க தனியா வீட்ல ஆரம்பிக்க வேண்டாம். கண்ண மூடி உள்ள போறப்போ எது மேல வரும்னு சொல்ல முடியாது, பக்கத்துல தெரிஞ்ச ஆள் இருக்கணும்.

ஹிப்னோசிஸ்ல என் கண்ட்ரோல் போயிடுமா?

போகாது. காலிங் பெல் அடிச்சா எழுந்து போய் கதவத் தொறப்பீங்க. நல்ல கதைல மூழ்கி பக்கத்துல கூப்பிட்டது கேக்காம இருந்திருக்கீங்கல்ல, அந்த அளவுதான். ஆனா வண்டி ஓட்டறப்போ மட்டும் கேக்காதீங்க, அடுப்பு எரியறப்போவும் வேண்டாம்.

எப்படி கேக்கணும்? நேரம், நாள் எல்லாம் சொல்லுங்க

பெரும்பாலான கோர்ஸ் 6 வாரத்துல இருந்து 12 வாரம். சிலதுல தினமும் 15 நிமிஷம், சிலதுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அரை மணி நேர பெரிய செஷன், நடுவுல தினம் கேக்க ஒரு சின்ன ஆடியோ. எதுவா இருந்தாலும் வரிசைய மாத்தாதீங்க. முதல் ஆடியோ பிடிச்சிருக்குன்னு அதையே மாசக்கணக்கா கேக்கறது, இல்ல அவசரப்பட்டு ஏழாவதுக்கு தாவறது, ரெண்டுமே வேண்டாம், ஒவ்வொரு செஷனும் முந்தினதுல பழகினத வச்சுதான் பேசும்.

நான் பண்றது இதுதான். மத்தியானம் மூணு மணி வாக்குல, சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது ஆனதுக்கு அப்புறம், முதல்ல பாத்ரூம் போயிட்டு வந்துடுவேன். இடுப்புல எது இறுக்கினாலும் தளர்த்திடுவேன், வயித்து மேல ஒரு இறுக்கம் இருந்தா அந்த அரை மணி நேரமும் கவனம் அங்கயே நிக்கும். தல சாயற நாற்காலி, ஹெட்போன், போன்ல ஏரோப்ளேன் மோட். குரல் பக்கத்துல உக்காந்து பேசற அளவுக்கு சத்தம் இருந்தா போதும்.

கைய வயித்துல வைக்கற கட்டம் வரும்போது உள்ளங்கைய ஒரு தடவ நல்லா தேச்சு சூடாக்கிட்டு, தொப்புளுக்கு கொஞ்சம் கீழ, அழுத்தாம சும்மா வைப்பேன். மொதல் ரெண்டு மூணு நிமிஷம் துணியோட சொரசொரப்புதான் தெரியும். அப்புறம் கைக்கு அடியில ஒரு வட்டமா சூடு தெரியும், அதுக்கு அப்புறம் கைச்சூடா வயித்துச்சூடான்னு பிரிச்சுச் சொல்ல முடியாத ஒரு நிமிஷம் வரும். அந்த நிமிஷத்துல பெரும்பாலும் வயிறு களகளன்னு ஒரு சத்தம் போடும். முன்னெல்லாம் அந்த சத்தம் கேட்டாலே அய்யோ ஆரம்பிச்சுடுச்சேன்னு பதறுவேன், இப்போ அது எனக்கு தளர்வு வந்துடுச்சுங்கறதுக்கான அடையாளம். ஒரே சத்தம்தான், நான் அத எடுத்துக்கற விதம் மாறிடுச்சு, இந்த சிகிச்சை எங்க வேலை செய்யுதுன்னு எனக்கு புரிஞ்சது அன்னிக்குத்தான்.

முடியும்போது ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண்ணி எழுப்புவாங்க. டக்குனு எழுந்திருக்காம ரெண்டு நிமிஷம் உக்காருங்க, சிலருக்கு லேசா தல சுத்தும்.

படுத்து கேட்டா பாதிலயே தூங்கிடறேன், உள்மனசுக்கு போயிடும்தானே?

இந்த நம்பிக்கைதான் என்னோட ரெண்டு மாசத்த தின்னுச்சு. ராத்திரி படுக்கைல போட்டு கேட்டேன், பத்து நிமிஷத்துல தூக்கம், எழுந்து பார்த்தா விடிஞ்சிருக்கும். தூக்கம் பிரமாதமா வந்துச்சு, வயிறு அப்படியே இருந்துச்சு. ஹிப்னோசிஸ்ங்கறது தூக்கம் இல்ல, கவனம் ஒரே எடத்துல குவிஞ்சு முழிச்சிருக்கற நிலைமை. தூங்கினவங்களுக்கு சஜெஷன் போய் சேரும்னு நம்பி உக்காந்திருக்காதீங்க.

தூங்கினீங்களா இல்ல ஆழமா போயிருந்தீங்களான்னு குழப்பம் வரும், ஏன்னா ஆழமா போனாலும் நடுவுல கொஞ்சம் வார்த்தை நழுவும். எழுப்பற எண்ணிக்கை உங்க காதுல விழுந்துச்சான்னு பாருங்க. அஞ்சு சொன்னதும் தானா கண்ணு தொறந்தா நீங்க தூங்கல. அடுத்த ஆடியோ ஓடற சத்தத்துலயோ அரை மணி கழிச்சோ முழிச்சா தூங்கியிருக்கீங்க. எப்பவாவது ஒரு நாள் ஆனா பரவால்ல. வாரத்துல மூணு நாலு நாள் அப்படி ஆச்சுன்னா நேரத்த பகலுக்கு மாத்துங்க, படுக்காம உக்காருங்க.

ஆறு ஓடுதுன்னு கற்பனை பண்ண சொல்றாங்க, எனக்கு அதக் கேட்டா பாத்ரூம் வர்ற மாதிரி ஆகுது

உங்களுக்கு பேதி பக்கம் சாயற ஐபிஎஸ்ஸா இருக்கும். ஆறு இந்த சிகிச்சைல ரொம்ப பழைய உருவகம், குடல ஆறா நெனச்சுக்கிட்டு அதோட ஓட்டத்த நீங்களே கட்டுப்படுத்தறதுதான் பயிற்சி. மலச்சிக்கல்காரங்க அடைச்சிருக்கற கட்டைய நகத்தி விட்டு ஓட்டத்த கூட்டுவாங்க, பேதிக்காரங்க வெள்ளத்த அகலமான சமவெளிக்கு கொண்டு வந்து நிதானமாக்குவாங்க. நேர்ல இருக்கற தெரபிஸ்ட் உங்க வயித்த கேட்டு இத மாத்திப் பேசுவாரு, ரெக்கார்டிங்குக்கு அது முடியாது, இதுதான் வீட்டு முறையோட பெரிய குறை.

அதுக்கு நீங்க பண்ண வேண்டியது, குரல் என்ன சொன்னாலும் உங்க ஆத்த நீங்களே மெதுவாக்கறது. அணை கட்டுங்க, குளமாக்குங்க, காத்து இல்லாத சாயங்காலத்துல தண்ணி அசையாம கிடக்கறத பாருங்க. படமே கண்ணுல வராத ஆளுங்களும் இருக்காங்க, என் தங்கச்சிக்கு எதுவுமே தெரியாது, வெறும் இருட்டுதான். அவளுக்கு கைச்சூடு மட்டும் போதுமா இருந்துச்சு. படம் தெரியணும்ங்கறது அவசியம் இல்ல, வயித்துல ஏதாவது ஒரு உணர்வு மேல கவனம் நின்னா சரி.

வலி வந்த உடனே ஆடியோ போட்டா நிக்குமா?

அதுக்கு இது இல்ல. வலி உச்சத்துல இருக்கறப்போ புது ஆள் கேட்டா, இது வேலை செய்யலங்கற முடிவுக்குத்தான் வருவாங்க, அப்புறம் அந்த குரல கேட்டாலே வலி ஞாபகம் வரும். வயிறு சும்மா இருக்கற நாள்ல, சும்மா இருக்கற நேரத்துல கேட்டு பழகுங்க. ஆறேழு வாரம் ஆனதுக்கு அப்புறம் வலி வந்தா ஆடியோ இல்லாமலே கைய வயித்துல வச்சு நாலஞ்சு மூச்சு விட்டுப் பாருங்க, உடம்பு அந்த எடத்துக்கு தானா போகப் பாக்கும். எனக்கு அது வலிய நிறுத்தாது, ஆனா வலியோட சேர்ந்து வர பதட்டம் ஏறாம தடுக்கும், அதுலயே பாதி வலி எறங்கிடும்.

பலன் இருக்கா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? சில நாள் நல்லா இருக்கு சில நாள் மோசமா இருக்கு

ஒரு நோட்டு போடுங்க, தயவு செஞ்சு போடுங்க. ஐபிஎஸ் அதுவா ஏறி எறங்கற நோய், ஞாபகத்த நம்பினா நேத்து எப்படி இருந்துச்சோ அதுதான் மொத்த மாசமும்னு தோணும்.

ஆய்வுகள்ல பயன்படுத்தற ஒரு ஸ்கோர் இருக்கு, அஞ்சே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 100. வலி எவ்ளோ கடுமை, கடந்த 10 நாள்ல எத்தன நாள் வலி (நாள பத்தால பெருக்கணும்), வயிறு உப்பறது எவ்ளோ கடுமை, மோஷன் போறது எவ்ளோ அதிருப்தி, அன்றாட வாழ்க்கைய எவ்ளோ கெடுக்குது. கூட்டினா 500க்கு வரும். 175க்கு கீழ லேசு, 300 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. ஆரம்பிச்சதுல இருந்து 50 பாயிண்ட் குறைஞ்சா அது நெஜமான மாற்றம்னு எடுத்துக்கலாம், அதுக்கு கம்மின்னா வழக்கமான ஏத்த எறக்கமா இருக்கலாம்.

தூங்கி வீணாக்கின அந்த ரெண்டு மாசத்துக்கு அப்புறம் மறுபடி முதல் செஷன்ல இருந்து ஆரம்பிச்சப்போ என் நோட்டுல இருந்தது இது. மொத நாள்: வலி 60, பத்துக்கு ஏழு நாள் அதனால 70, உப்புசம் 55, மோஷன் அதிருப்தி 80, வாழ்க்கை பாதிப்பு 75, மொத்தம் 340. நாலாவது வாரம் 55, 60, 55, 75, 60, மொத்தம் 305. வெறும் 35தான் குறைஞ்சிருக்கு. அன்னிக்கு விட்டுடலாம்னு இருந்தேன், ஆனா அஞ்சு நம்பரையும் தனித்தனியா பார்த்தப்போ கடைசி நம்பர்தான் அதிகமா எறங்கியிருந்துச்சு. வலி அப்படியேதான் இருக்கு, ஆனா வெளிய போக பயந்தது கொறஞ்சிருக்கு. அப்போ எனக்கு தெரியாது, மத்தவங்க கிட்ட கேட்டப்போ அவங்கள்ல பல பேருக்கும் இதே வரிசைலதான் மாறியிருக்கு, முதல்ல பயம், அப்புறம் வலி.

எட்டாவது வாரம் 40, 40, 45, 60, 45, மொத்தம் 230. பன்னெண்டாவது வாரம் 30, 30, 45, 50, 30, மொத்தம் 185. அதாவது 155 பாயிண்ட் கம்மி, ஆனா இன்னும் நடுத்தரம்தான், குணமாகல. உப்புசம் பத்துதான் கொறஞ்சுது, அது இன்னிக்கும் எனக்கு பிரச்சனைதான், இத எழுதாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆகும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போட்டா போதும். தினமும் மார்க் போட்டா வயித்தயே பார்த்துட்டு உக்காந்திருப்பீங்க, எதுக்காக ஆரம்பிச்சோமோ அதுக்கு நேர் எதிர். அதே நோட்டுல அந்த ரெண்டு வாரத்துல எத்தன செஷன் தூங்காம முழுசா கேட்டீங்கன்னும் எழுதுங்க. 12 வாரம் ஆகியும் 50 குறையலன்னா முதல்ல அந்த எண்ணிக்கைய பாருங்க. வாரத்துக்கு ரெண்டுதான் கேட்டிருந்தா நீங்க இன்னும் முயற்சியே பண்ணல. ஒழுங்கா கேட்டும் குறையலன்னா உங்களுக்கு இது செட் ஆகல, அது உங்க தப்பு கிடையாது, நல்லா பண்றவங்க கிட்டயே கால்வாசி பேருக்கு செட் ஆகறதில்ல.

மாத்திரை, டயட் எல்லாம் நிறுத்திடலாமா?

ஆரம்பிக்கறப்போ எதையும் மாத்தாதீங்க. ஒரே வாரத்துல ஆடியோ ஆரம்பிச்சு, மாத்திரை நிறுத்தி, சாப்பாட்டையும் மாத்தினா எதனால என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாத்திரைய டாக்டர் கிட்ட கேட்டுட்டு பின்னாடி குறைக்கலாம். டயட்டப் பொறுத்தவரைக்கும் ஆஸ்திரேலியால மோனாஷ் பல்கலைக்கழகத்துல 74 பேர வச்சு 2016ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. குடல்ல புளிச்சு காத்து உண்டாக்கற சில மாவுச்சத்துகள குறைக்கற குறைந்த ஃபாட்மேப் டயட், ஹிப்னோதெரபி, ரெண்டும் சேர்த்துன்னு மூணு குழு, மூணுலயும் 70 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல பேருக்கு பலன். சேர்த்துப் பண்ணதால கூடுதலா எதுவும் கிடைக்கல. ஏற்கனவே பயந்து பயந்து ஒவ்வொரு சாப்பாடா விட்டு எடை குறைஞ்சு போனவங்களுக்கு இது பெரிய சேதி, இன்னொரு டயட்டுக்கு பதிலா இத எடுத்துக்கலாம்.

எல்லா ஆடியோவும் இங்கிலீஷ்ல இருக்கு, நானே தமிழ்ல பேசி ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?

கைச்சூடு பயிற்சிய மட்டும் பண்ணிக்கோங்க, பத்து நிமிஷம் போதும். அம்மாவுக்காக நான் என் குரல்ல பண்ணிக் குடுத்தேன், அவங்களுக்கு இங்கிலீஷ் கேட்டா மனசுல மொழிபெயர்க்கற வேலைதான் நடக்குது, தளர்வு வரல. மொத ரெக்கார்டிங்ல "வலி இல்ல, வலி குறையுது" ன்னே பேசியிருந்தேன், அம்மா கேட்டுட்டு "நீ வலி வலின்னு சொல்லச் சொல்ல எனக்கு வலிக்குதுடி" ன்னாங்க. அது நெஜம், எதிர்மறையா சொன்னாலும் காதுல விழறது வலிதான். ரெண்டாவதுல "வயிறு இதமா இருக்கு, கைக்கு அடியில வெதுவெதுப்பா இருக்கு, உள்ள எல்லாம் அதது வேலைய நிதானமா பாக்குது" ன்னு மாத்தினேன். ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ரெண்டு மூச்சு இடைவெளி விட்டேன், பேசறப்போ அது ரொம்ப நீளமா தோணும், கேக்கறப்போ சரியா இருக்கும்.

முழு கோர்ஸுக்கு இது மாற்று இல்ல. ஆய்வுகள்ல பயன்படுத்தினது பயிற்சி பெற்றவங்க எழுதின வசனம், ஒவ்வொரு செஷனும் யோசிச்சு கட்டினது. ஆடியோ வாங்கறதா இருந்தா அத எழுதினவங்க குடல் நோய்க்கு ஹிப்னோதெரபி பண்ற ஆளுங்களான்னு பாருங்க, "மூணே நாள்ல குணம்" ன்னு போட்டிருந்தா விட்டுடுங்க.

சின்ன பசங்களுக்கு குடுக்கலாமா?

8 வயசுல இருந்து 18 வரைக்கும் உள்ள 260 பிள்ளைங்கள வச்சு நெதர்லாந்துல பண்ணி 2017ல வெளியிட்டாங்க. வீட்ல சிடி கேட்டவங்கள்ல ஒரு வருஷம் கழிச்சு 62 சதவீதம் பேருக்கு பலன், தெரபிஸ்ட் கிட்ட போனவங்கள்ல 71. பிள்ளைங்க கற்பனைல சுலபமா போயிடறாங்க. ஆனா பெரியவங்க ஆடியோவ போடாதீங்க, பிள்ளைங்களுக்குன்னு தனியா இருக்கு, அதுவும் குழந்தை டாக்டர் பார்த்து சொன்னதுக்கு அப்புறம்.

கோர்ஸ் முடிஞ்சதும் காலம் பூரா கேட்டுட்டே இருக்கணுமா?

தினமும் வேண்டாம். மான்செஸ்டர்ல 204 பேர ஆறு வருஷம் வரைக்கும் கவனிச்சதுல, முதல்ல பலன் கிடைச்சவங்கள்ல 81 சதவீதம் பேருக்கு அது நிலைச்சு இருந்திருக்கு. நான் இப்போ வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் அதுவும் இல்ல.

திரும்ப வரும்போது என்ன பண்றதுங்கறதுதான் முக்கியம். கோர்ஸ் முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சு எனக்கு ஒரு வயித்துத் தொற்று வந்துச்சு, காய்ச்சல் பேதி எல்லாம் நாலு நாள்ல நின்னுச்சு, ஆனா வலி நிக்கல, நோட்டுல போட்டா 270. எல்லாம் போச்சுன்னு அன்னிக்கு அழுதேன். டாக்டரப் பார்த்து புதுசா ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதும், மொத்த கோர்ஸயும் திரும்ப எடுக்காம முதல் ரெண்டு செஷன மட்டும் மாத்தி மாத்தி மூணு வாரம் தினமும் கேட்டேன். முதல் தடவ எட்டு வாரம் எடுத்தது இந்த தடவ மூணு வாரத்துல நடந்துச்சு, 270 எறங்கி 200க்கு வந்து நின்னுச்சு. அதனால ஆடியோவ அழிச்சுடாதீங்க, நோட்டயும் பக்கத்துலயே வைங்க, அடுத்த தடவ ஏறும்போது எங்க இருந்து எறங்கினோம்னு பார்க்க அதுதான் இருக்கும்.